ஒன்பது விழுக்காடு ஏன் ஆறரையிடம் தோற்றது?

வைப்புநிதியில் பணம் இட வருவோர் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்பதையே. ஒன்பது விழுக்காடு என்றால் முகம் மலர்கிறது. ஆறரை என்றால் சுருங்குகிறது. ஆனால் நம் நாட்டின் அண்மைக் கால வரலாறு வேறொரு பாடத்தைச் சொல்கிறது. ஒன்பது விழுக்காடு வட்டி வழங்கப்பட்ட ஆண்டுகளில் சேமிப்பாளர்கள் இழந்தார்கள். ஆறரை விழுக்காடு வழங்கப்பட்ட ஆண்டுகளில் ஈட்டினார்கள். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஒரு சிறு கணக்கின் வழியே காண்போம்.

மாதேஸ்வரன் மலை வட்டாரத்தில் அமைந்துள்ள மார்டள்ளி, தமிழ் பேசும் மக்கள் வாழும் ஊர். இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள இப்பகுதி, 1997 வரை மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அவ்வூரில் ஓர் உழவர் குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். விளைச்சல் விற்ற பணத்தில் ஒரு இலட்ச ரூபாயை மகளின் அடுத்த ஆண்டுப் படிப்புச் செலவுக்காக அவர்கள் ஓராண்டு வைப்பில் இடுகிறார்கள். இன்றைய விலையில் அப்படிப்புக்கு ஆகும் செலவும் சரியாக ஒரு இலட்சமே. அந்தச் செலவு நாட்டின் சராசரி விலையேற்றத்தை ஒட்டியே உயரும் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம்.

முதலில் 2012-13ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அப்போது பெரிய வங்கிகளின் ஓராண்டு வைப்புக்கு எட்டரை முதல் ஒன்பது விழுக்காடு வரை வட்டி கிடைத்தது. ஒன்பது என்றே கொண்டால், ஆண்டு முடிவில் கையில் 1,09,000 ரூபாய் இருக்கும். ஆனால் அவ்வாண்டு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி விலைவாசி ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்தது. ஒரு இலட்சத்தில் முடிந்திருக்க வேண்டிய படிப்புக்கு இப்போது 1,10,000 ரூபாய் வேண்டும். பாஸ் புத்தகத்தில் ஒன்பதாயிரம் கூடியிருக்கிறது. ஆனாலும் கட்டணம் கட்ட ஆயிரம் ரூபாய் குறைகிறது.

பாஸ் புத்தகத்தில் தெரியும் ஒன்பது விழுக்காடே பெயரளவு வட்டி. அப்பணத்தைக் கொண்டு வாங்கக்கூடிய பொருளும் சேவையும் எவ்வளவு கூடின என்பதைக் காட்டுவது மெய் வட்டி. வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் மெய் வட்டி ஏறத்தாழ வந்துவிடும். துல்லியமாக வேண்டுமெனில் 1,09,000-ஐ 1.10ஆல் வகுக்க வேண்டும். விடை 99,091. அதாவது அக்குடும்பத்தின் பணம், முந்தைய ஆண்டின் விலையில், 909 ரூபாய் தேய்ந்துவிட்டது.

இனி 2017-18க்கு வருவோம். வைப்பு வட்டி ஆறரை விழுக்காட்டை ஒட்டி இறங்கியிருந்தது. வட்டி குறைந்துவிட்டதே என்ற வருத்தம் பலரிடம் இருந்தது. ஆனால் அவ்வாண்டின் பணவீக்கம் 3.6 விழுக்காடு மட்டுமே. ஒரு இலட்சம் 1,06,500 ஆனது, அதை 1.036ஆல் வகுத்தால் 1,02,799 கிடைக்கிறது. ஒன்பது விழுக்காட்டில் 909 ரூபாய் இழந்த அதே குடும்பம், ஆறரை விழுக்காட்டில் 2,799 ரூபாய் ஈட்டியிருக்கும்.

இது தற்செயலன்று. விலைவாசி விரைந்து ஏறும் காலத்தில் அதைக் கட்டுப்படுத்த ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தி வைக்கிறது. வைப்புகளுக்கான வட்டியும் அதைத் தொடர்ந்து உயர்கிறது. ஆகவே உயர்ந்த வட்டி என்பது பெரும்பாலும் பணவீக்கத்தின் நிழல். அந்த நிழல் பணவீக்கத்தைத் தாண்டி நீளும் ஆண்டுகளும் உண்டு. 2012-13இல் போல எட்டாமற்போகும் ஆண்டுகளும் உண்டு.

இந்தக் கணக்கில் வரி இன்னும் சேரவில்லை. வருமான வரி மெய் வட்டியைப் பார்ப்பதில்லை. பெயரளவு வட்டி முழுவதன்மீதும் விதிக்கப்படுகிறது. வேளாண் வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு என்றாலும் வைப்பு வட்டி அந்த விலக்கில் அடங்காது. அக்குடும்பம் வரி வரம்புக்குள் வராவிட்டால் மேற்கண்ட கணக்கு மாறாது. ஆனால் 20 விழுக்காடு வரி செலுத்துவோர் என்று கொண்டால், 2012-13இல் ஒன்பதாயிரம் வட்டியில் 1,800 ரூபாய் வரியாகப் போகும். மீதி 1,07,200-ஐ 1.10ஆல் வகுத்தால் 97,455. இழப்பு 2,545 ரூபாயாக வளர்ந்துவிடுகிறது. மெய்யாக எந்த ஈட்டலும் இல்லாத ஆண்டிலும் வரி கட்ட நேர்கிறது. 2017-18இலோ வரி போகவும் 1,544 ரூபாய் மிஞ்சும்.

நீண்ட கால வைப்பில் இக்கணக்கு வேறொரு திருப்பம் எடுக்கிறது. வட்டி இன்றே உறுதியாகிவிடுகிறது; பணவீக்கமோ இனிமேல்தான் நிகழப்போகிறது. 2013இன் தொடக்கத்தில் ஒன்பது விழுக்காட்டில் ஐந்தாண்டு வைப்பிட்டவர் முதல் ஆண்டில் பயன் காணவில்லை. அந்த நிதியாண்டின் பணவீக்கமும் ஒன்பதரையை ஒட்டியே இருந்தது. ஆனால் பிறகு விலையேற்றம் தணிந்தது. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, பணவீக்கத்தை 4 விழுக்காட்டு இலக்கில், இருபுறமும் 2 விழுக்காட்டு இடைவெளிக்குள் நிறுத்தும் பொறுப்பு அவ்வங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐந்தாண்டு முடிவில் அந்த வைப்பு, வரிக்கு முன், பொருள் வாங்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடியிருந்தது.

2020இன் நடுவில் இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. அப்போது பெரிய வங்கிகளில் ஐந்தாண்டு வைப்புக்கு 5.4 விழுக்காடு அளவிலேயே வட்டி கிடைத்தது. அடுத்து வந்த ஐந்து நிதியாண்டுகளில் 2024-25இல் மட்டுமே பணவீக்கம் 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. 2022-23இல் அது 6.7ஐ எட்டியது. ஐந்தாண்டு காத்திருந்தும் அப்பணத்தின் பொருள் வாங்கும் ஆற்றல், வரிக்கு முன்னரே, பெரிதாகக் கூடவில்லை.

இக்கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது எளிது. வட்டி விகிதத்திலிருந்து நாம் செலுத்தும் வரியின் பங்கை முதலில் கழிக்க வேண்டும். மீதியைப் பணவீக்கத்தோடு ஒப்பிட வேண்டும். 20 விழுக்காடு வரி செலுத்துவோர்க்கு, பணவீக்கம் 4 ஆக இருந்தால் 5 விழுக்காடு வட்டியிலேயே முதல் தேயாமல் நிற்கும். பணவீக்கம் 10 ஆக இருந்தால் அதற்குப் பன்னிரண்டரை விழுக்காடு வேண்டும். நுகர்வோர் விலைக் குறியீட்டை அரசு மாதந்தோறும் வெளியிடுகிறது. நாளிதழ்களிலும் அது வருகிறது.

எனினும் அந்த எண் ஒரு சராசரியே என்பதை மறக்கலாகாது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் ஊரகக் குடும்பங்களின் செலவில் உணவு, பானங்களின் பங்கு 54 விழுக்காடு. நகர்ப்புறத்தில் அது 36 மட்டுமே. காய்கறியும் பருப்பும் விலையேறும் ஆண்டில் மார்டள்ளிக் குடும்பம் உணரும் பணவீக்கம், பெங்களூருக் குடும்பம் உணர்வதைவிட மிகுதியாக இருக்கும். படிப்பு, மருத்துவம் எனக் குறிப்பிட்ட நோக்கத்துக்குச் சேமிப்போர், அந்தச் செலவு ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்வது பொருந்தும்.

மெய் வட்டி குறைகிறது என்பதற்காகப் பணத்தை வீட்டுப் பெட்டியில் வைப்பது தீர்வாகாது. 2012-13இல் பெட்டியில் இருந்த ஒரு இலட்சம், பொருள் வாங்கும் ஆற்றலில் 90,909 ஆகச் சுருங்கியது. வைப்பில் இருந்த பணம் இழந்ததைப் போல் இது பத்து மடங்கு இழப்பு. அவ்வாறே, இரண்டு மூன்று விழுக்காடு கூடுதலாகத் தருவதாகச் சொல்லும் அறியாத நிறுவனங்களை நாடுவதும் ஏற்றதன்று. வங்கி வைப்புக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 இலட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு. அத்தகைய நிறுவனங்களில் இடும் பணத்துக்கு அது கிடையாது. மெய் வட்டி எதிர்மறையாகும் ஆண்டில் சிறு பங்கே தேயும். முதலே போய்விட்டால் கணக்கிட எதுவும் மிஞ்சாது.

அடுத்த முறை வைப்பைப் புதுப்பிக்க வரும்போது, வட்டி எவ்வளவு என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: நாம் எதற்காகச் சேமிக்கிறோமோ, அதன் விலை கடந்த ஆண்டில் எவ்வளவு ஏறியது? இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தால், பணம் வளர்கிறதா, வளர்வதுபோல் தோன்றுகிறதா என்பது விளங்கிவிடும்.