ஒரே பால், மூன்று காவல்

சிங்கப்பூரில் கடையில் போய் 'தே' என்று கேட்டால் கண்டென்ஸ்டு மில்க் கலந்த தேநீர் வரும். 'தே சி' என்றால் எவாப்பரேட்டட் மில்க்கும் சர்க்கரையும். இலங்கை வீடுகளில் பால்மா. மூன்றுமே தண்ணீரை எடுத்த பால்தான். ஆனால் அவற்றைக் கெடாமல் காப்பது வேறு வேறு.

கண்டென்ஸ்டு மில்க்கைக் காப்பது சர்க்கரை. காற்றழுத்தம் குறைந்த மூடிய கலனில் பால் அறுபது டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் அடிபிடிக்காமல் வற்றும். இந்த முறைக்கு அமெரிக்காவின் கெயில் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்றார். 400 கிராம் டின் ஒன்றில் ஏறக்குறைய 180 கிராம் சர்க்கரை இருக்கும். முக்கால் லிட்டருக்கு மேற்பட்ட பாலின் சத்து அதில் அடங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீரையும் சர்க்கரை பிடித்துக்கொள்வதால் கிருமிகள் பெருக முடியாது. ஊறுகாயில் உப்பு செய்கிற வேலைதான் இது.

சிலசமயம் டின்னின் அடியில் மணல்போல நறநறக்கும். அது பாலிலேயே உள்ள லாக்டோஸ் சர்க்கரை பெரிய படிகமாகத் திரண்டது, கெட்டுப்போனதல்ல. இதைத் தவிர்க்கத்தான் ஆலையில் பால் ஆறும்போது லாக்டோஸ் பொடியை மாவுபோல அரைத்துத் தூவுகிறார்கள். அப்போது படிகங்கள் நாக்குக்குத் தெரியாத அளவில் நுணுக்கமாகவே நின்றுவிடும். டின் உப்பியிருந்தால் மட்டும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

பால்மாவைக் காப்பது வறட்சி. வற்றிய பாலை 200 டிகிரியை ஒட்டிய சூட்டுக் காற்றில் பனித்துளிபோலத் தெளிக்க, சில நொடிகளில் பொடியாக உதிரும். ஈரக் கரண்டி பட்டால் கட்டி பிடிக்கும். கொழுப்புள்ள மா நாளானால் சிக்கு வாடை அடிக்கும். கரைக்கும்போது முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் குழைத்துக்கொண்டால் கட்டி தட்டாது.

எவாப்பரேட்டட் மில்க்கைக் காப்பது சூடு. பாலில் பாதிக்கு மேல் தண்ணீரை வற்றவைத்து, சர்க்கரை சேர்க்காமல் டின்னில் அடைத்து, டின்னோடு 115 டிகிரிக்கு மேல் கால் மணி நேரம் வேகவைப்பார்கள். அதன் லேசான பழுப்பும் காய்ச்சிய வாசமும் அப்படி வந்தவை. டின் மூடியிருக்கும்வரைதான் இந்தக் காவல். திறந்துவிட்டால் சாதாரணப் பாலைப்போலவே ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

புட்டிங்குக்குக் கண்டென்ஸ்டு மில்க் இல்லையென்று பலர் இதில் சர்க்கரையைக் கலந்து ஊற்றிவிடுகிறார்கள். புட்டிங் இறுகாமல் தளதளவென்று நிற்கும். காரணம், 400 கிராம் எவாப்பரேட்டட் மில்க்கில் சுமார் 300 கிராம் தண்ணீர்தான். கண்டென்ஸ்டு மில்க்கிலோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறக்குறைய இருக்கும், அவ்வளவே. அடிகனமான பாத்திரத்தில் 400 கிராம் பாலோடு 180 கிராம் சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் விடாமல் கிளறுங்கள். இடையிடையே பாத்திரத்தோடு தராசில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் 580 கிராம் 400-க்கு இறங்கியதும் அடுப்பை அணைத்துவிடலாம்.