ஞாயிறு சமைத்து வாரம் முழுவதும் சாப்பிட: எது முதலில் கெடும்?

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சமையல் இப்போது வழக்கமாகிவிட்டது. காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் மதியத்துக்குள் நான்கைந்து வகைகளைச் செய்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிடுகிறோம். நேரமும் கேஸும் மிச்சம்தான். ஆனால் புதன்கிழமை வந்ததும், "இது இன்னும் நல்லா இருக்குமா?" என்று டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கிறோம். கொட்டினால் விரயம் ஆகிவிடுமே என்று மனம் தடுக்கிறது. சாப்பிட்டால் வயிற்றுக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயமும் இருக்கிறது.

மூக்கை மட்டும் நம்பி இதை முடிவு செய்ய முடியாது. ஊசிப்போன வாடையைத் தரும் கிருமிகள் வேறு. வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிகளில் பல வேறு. இரண்டாவது வகை பெருகிய உணவு, வாடையிலும் ருசியிலும் எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கலாம். அதனால் என்றைக்குச் சமைத்தது, எப்படி ஆறவைத்தது, என்ன பண்டம் என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கெடுபவை எவை என்று பார்ப்போம். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது தேங்காய்ச் சட்னி. பச்சைத் தேங்காயை அரைத்துச் செய்வதாலும் கொதிக்க வைக்காததாலும் அது ஃப்ரிட்ஜில் ஒரு நாள்தான் தாங்கும். அதை அடுத்து வருவது சோறு. வெள்ளைச் சோறு, நெய்ச்சோறு, பிரியாணி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை போன்ற வித்துகள் இருக்கும். சோறு வேகும் சூட்டில் அவை சாவதில்லை. வெந்த சோறு வெளியே கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. சோற்றை விரைவாக ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மறுநாளுக்குள் முடித்துவிடுவதே நல்லது. வாரச் சமையலில் சோற்றைச் சேர்க்காமல், அன்றன்றைக்கு வடிப்பதே சரியான வழி.

மூன்றாவது இடம் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணத்துக்கும் தேங்காய்ப்பூ தூவிய பொரியலுக்கும். இவற்றை இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும். மீன் ஆணமும் இரண்டு நாள், புளி தூக்கலாக இருந்தால் மூன்று நாள். தேங்காய் சேர்க்காத கறி ஆணம், தாளிச்சா, பருப்பு ஆகியவை மூன்று முதல் நான்கு நாள் வரை இருக்கும். கடைசியில் கெடுவது தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல் போன்றவை. தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும் வரை சுண்டியதாலும் புளிப்பு இருப்பதாலும் கிருமிகள் அவற்றில் எளிதில் வளர்வதில்லை. ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு வாரம் தாங்கும்.

இந்த நாள் கணக்கெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான். ஃப்ரிட்ஜுக்கென்று விற்கும் சிறிய தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் பாருங்கள். கதவில் உள்ள தட்டுகள்தான் அதிகம் சூடேறும் இடம். சமைத்த உணவை அங்கே வைக்க வேண்டாம்.

அடுத்தது, பல வீடுகளில் கவனத்துக்கு வராத ஒன்று. நாள் கணக்கு ஃப்ரிட்ஜில் வைத்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, அடுப்பை அணைத்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். நம் ஊர்க் கோடையில் அடுக்களை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும்.

ஒரு வீட்டின் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட குடும்பம். எலும்புக்கறி, கத்தரிக்காய், மாங்காய் போட்ட தாளிச்சா ஒரு பெரிய சட்டி நிறைய. பன்னிரண்டரைக்கு அடுப்பை அணைக்கிறார்கள். ஒன்றரைக்குச் சாப்பாடு. சட்டி மேசையிலேயே இருக்கிறது. நான்கு மணிக்கு மிச்சத்தைச் சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். கெட்டியான பருப்பும் கறியும் ஆழமான சட்டியில் இருப்பதால், ஓரம் குளிர்ந்தாலும் நடுப்பகுதி இரவு வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். கறியிலும் பருப்பிலும் கிருமி பெருக அதுதான் தோதான இடம். செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்தால் மேலே சிறு குமிழிகளும் புளித்த வாடையும் இருக்கும். நான்கு நாள் வரவேண்டிய தாளிச்சா இரண்டாவது நாளே கெட்டுப்போகிறது.

இதே தாளிச்சாவை இப்படிச் செய்யலாம். அடுப்பை அணைத்ததும், பரிமாறுவதற்கு முன்பே, வாரத்துக்கு வேண்டியதைப் பிரித்து எடுத்துவிடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்ற கணக்கில், இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் அகலமான எவர்சில்வர் டப்பாக்களில் ஊற்றுங்கள். ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர் விட்டு டப்பாக்களை அதில் வைத்துக் கிளறிவிடுங்கள். அரை மணி நேரத்தில் ஆவி அடங்கி வெதுவெதுப்பாகிவிடும். அந்த நிலையிலேயே ஃப்ரிட்ஜில் வைக்கலாம், முழுவதும் குளிரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் இடைவெளி விட்டு வையுங்கள். மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, சமைத்த கிழமையை எழுதிவிடுங்கள்.

இனி வாரத்தைக் கெடும் வரிசைப்படி அமைப்போம். ஞாயிறு மதியத்திலேயே சட்னியை முடித்துவிடுங்கள். தேங்காய் போட்ட பொரியல் திங்களோடு முடியட்டும். மீன் ஆணம் திங்கள், செவ்வாய்க்கு. தாளிச்சா புதன்கிழமைக்கு, மிஞ்சினால் வியாழன் வரை. வெள்ளி, சனிக்கு உரியதை ஞாயிறன்றே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். புதன்கிழமை மிச்சமானதை அப்போது ஃப்ரீசருக்கு மாற்றுவதில் பயனில்லை. ஃப்ரீசர் கிருமியை நிறுத்திவைக்குமே தவிரக் கொல்லாது. கறி ஆணத்தைத் தேங்காய்ப்பால் ஊற்றும் முன் எடுத்து உறையவைத்தால் நன்றாக வரும்; சாப்பிடும் அன்று பாலை ஊற்றிக் கொதிக்கவிடலாம். உருளைக்கிழங்கு போட வேண்டாம், உறைந்து உருகினால் சக்கையாகிவிடும். முந்தின நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள், வெளியே வைக்க வேண்டாம்.

சூடு செய்யும்போது அந்த வேளைக்கான டப்பாவை மட்டும் எடுத்து, நடுவிலும் தளதளவென்று கொதிக்கும் வரை வையுங்கள். அதில் மிஞ்சியதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.

கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேல் போனால் சோறு, மீன், கறி, தேங்காய் சேர்த்தவை எல்லாவற்றையும் கழித்துவிடுவதே சரி.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், நோயிலிருந்து தேறி வருபவர்கள் இருக்கும் வீட்டில் அவர்களுக்கு ஞாயிறு சமையலில் முதல் இரண்டு நாள் உணவை மட்டும் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்கோ, தனியாக இருக்கும் முதியவருக்கோ கொடுத்தனுப்புவதானால் சமைத்த அன்றே, முதலில் பிரித்த டப்பாவிலிருந்து அனுப்புங்கள். மூன்றாம் நாள் நமக்கே சந்தேகமாகத் தோன்றும் ஆணத்தை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.