பங்குதாரர் இல்லாத திட்டத்திற்குத் தள்ளுபடி வீதம்: அறக்கட்டளை முதலீட்டு முடிவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: தள்ளுபடி வீதம், நிகரத் தற்போதைய மதிப்பு, வாய்ப்புச் செலவு, உண்மை வட்டி, அறக்கட்டளை

முன்னுரை

வணிக நிறுவனமொன்று தன் திட்டத்தை மதிப்பிடும்போது, பங்குதாரர்கள் எதிர்பார்க்கும் வருவாயையும் கடனுக்குச் செலுத்தும் வட்டியையும் எடையிட்டுத் தன் மூலதனச் செலவைக் கணக்கிடுகிறது. அதுவே அதன் தள்ளுபடி வீதமாகிறது. அறக்கட்டளைக்குப் பங்குதாரர் இல்லை. அதன் சேவைக்குச் சந்தை விலையும் இல்லை. எனவே நடைமுறையில் இருவகை முடிவுகள் காணப்படுகின்றன. நன்கொடைப் பணத்திற்குச் செலவே இல்லை என்று கருதிச் சுழிய வீதத்தைக் கொள்வது ஒன்று. வங்கி வட்டியை அப்படியே எடுத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும். இப்பணம் இத்திட்டத்திற்குச் செல்லாவிடில் வேறு எதற்குச் சென்றிருக்கும் என்ற வினாவிலிருந்தே வீதம் பிறக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குகிறது.

வங்கி வட்டியும் உண்மை வட்டியும்

ஓர் அறக்கட்டளை மாணவர் விடுதி ஒன்றை நடத்துவதாகக் கொள்வோம். மொட்டை மாடியில் மின்கலத்துடன் கூடிய சூரிய மின் அமைப்பை நிறுவ 8 லட்சம் ரூபாய் ஆகும். பராமரிப்புக்கும் மின்கல மாற்றத்திற்கும் ஒதுக்கியது போக, இன்றைய விலையில் ஆண்டுக்கு 75,000 ரூபாய் மின்கட்டணம் மிச்சமாகும். அமைப்பின் ஆயுள் 15 ஆண்டுகள். பணம் இப்போது 7% வட்டியில் வைப்புநிதியாக உள்ளது. பணவீக்கம் 5%.

கணக்காளர் 7 விழுக்காட்டைத் தள்ளுபடி வீதமாகக் கொண்டால் 15 ஆண்டுச் சேமிப்பின் தற்போதைய மதிப்பு 6.83 லட்சம் ரூபாய். செலவு 8 லட்சம் என்பதால் திட்டம் தள்ளப்படும். ஆனால் இக்கணக்கில் ஒரு பொருந்தாமை உள்ளது. 75,000 என்பது இன்றைய விலையில் சொல்லப்பட்ட தொகை. 7% என்பதோ பணவீக்கத்தையும் உள்ளடக்கிய பெயரளவு வட்டி. விலையேற்றத்தைச் சேமிப்பில் சேர்க்காமல் வட்டியில் மட்டும் சேர்த்தால் எதிர்காலப் பயன் இருமுறை சுருங்குகிறது. 1.07ஐ 1.05ஆல் வகுத்தால் உண்மை வட்டி ஏறத்தாழ 1.9% என வரும். அவ்வீதத்தில் சேமிப்பின் மதிப்பு 9.71 லட்சம், திட்டம் ஏற்கத்தக்கதாகிறது.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. சேமிப்பை ஆண்டுதோறும் 5% உயர்த்தி, அதை 7 விழுக்காட்டில் தள்ளுபடி செய்தாலும் அதே 9.71 லட்சம்தான் கிடைக்க வேண்டும். முதலாண்டுக்கு மட்டும் செய்து பார்த்தாலே போதும்: 78,750ஐ 1.07ஆல் வகுத்தாலும், 75,000ஐ உண்மை வட்டியின்படி தள்ளுபடி செய்தாலும் விடை சுமார் 73,600. இரு வழிகளும் வெவ்வேறு விடை தந்தால் எங்கோ இரு அளவைகள் கலந்துள்ளன என்று பொருள். மின்கட்டணமும் பொது விலைவாசியும் ஒரே வேகத்தில் உயரும் என்ற எடுகோள் இதில் உண்டு. கட்டணம் நெடுங்காலம் உயராதிருந்தால் சேமிப்பைத்தான் குறைத்து மதிப்பிட வேண்டும். வீதத்தை மாற்றி ஈடுகட்டுதல் முறையன்று.

பணத்தின் மாற்றுவழி

மேற்கண்ட 1.9%, பணம் வைப்புநிதியில் சும்மா இருக்கும் என்ற நிலைக்கு மட்டுமே பொருந்தும். அறக்கட்டளையின் பணத்தைப் பங்குச்சந்தையின் சராசரி வருவாயோடு ஒப்பிடுவோரும் உளர். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 11(5) பிரிவு அறக்கட்டளை நிதியை எவ்வகை முதலீடுகளில் வைக்கலாம் என்று வரையறுத்தது. தனியார் நிறுவனப் பங்குகளை நேரடியாக வாங்க அது பொதுவாக இடமளிக்கவில்லை. சட்டப்படி கைக்கு எட்டாத வருவாயை வாய்ப்புச் செலவு என்று கூறுதல் பொருந்தாது.

பணம் கடனாகப் பெறப்பட்டால் நிலை மாறும். 11% வட்டிக் கடன், 5% பணவீக்கத்தில் உண்மையில் 5.7 விழுக்காட்டுச் சுமை. சூரிய மின் திட்டத்தின் உள்ளார்ந்த வருவாய் வீதமோ, அதாவது செலவும் பயனும் சமமாகும் வீதம், ஏறத்தாழ 4.6%. ஆகவே வைப்புநிதியைக் கொண்டு செய்யத்தக்க அதே திட்டம், கடன் வாங்கிச் செய்யத் தகாததாகிறது. விவாதத்தில் சரியான வீதம் 2 விழுக்காடா 3 விழுக்காடா என்று பொழுது போக்குவதைவிட, நம் வீதம் 4.6க்கு மேலா கீழா என்று கேட்பது பயன் தரும்.

மூன்றாவது நிலையே அறக்கட்டளைகளில் மிகுதியாகக் காணப்படுவது. பாடநூல்களில் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. செய்ய வேண்டிய பணிகள் பல, பணம் ஒன்றுக்கே போதும். அதே விடுதியில் துருப்பிடித்த குழாய்களை மாற்றி நிலத்தடித் தொட்டி கட்ட 8 லட்சம் ஆகும். லாரித் தண்ணீர் வாங்கும் செலவில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் மிச்சமாகும் என்க. இதன் வருவாய் வீதம் சுமார் 8.1%. சூரிய மின் அமைப்பைத் தேர்ந்தால் கைவிடப்படுவது வங்கி வட்டி அன்று, இக்குழாய்ப் பணியே. 8.1 விழுக்காட்டில் சூரிய மின் திட்டத்தின் மதிப்பு 6.4 லட்சமாகக் குறைகிறது. இரு திட்டங்களும் கண்முன் இருக்கையில் அவற்றை நேரடியாக ஒப்பிட்டாலே போதும். ஆண்டு முழுவதும் ஒவ்வொன்றாகக் கோரிக்கைகள் வரும்போதுதான், நிதியின்மையால் சென்ற ஆண்டு கைவிடப்பட்ட சிறந்த பணியின் வருவாய் வீதத்தை அறங்காவலர் குழு வாயில் வீதமாக வைத்துக்கொள்ளலாம். கொடையாளர் சூரிய மின்சாரத்திற்கென்றே குறித்துத் தந்த பணத்திற்கு இது பொருந்தாது; அப்பணத்தால் குழாய் மாற்ற இயலாது.

பயன் ரூபாயில் இல்லாதபோது

கண்புரை அறுவை சிகிச்சைபோல் பயன் பணமாக வராத திட்டங்களில், மனிதநலனைத் தள்ளுபடி செய்வது அறமா என்ற தயக்கம் எழுகிறது. செலவை மட்டும் தள்ளுபடி செய்து பயனை அப்படியே விட்டால் விளைவு விபரீதமாகும். கீலர், கிரெட்டின் ஆகிய இருவரும் 1983இல் இதனைச் சுட்டிக்காட்டினர். 10 லட்சம் ரூபாயில் இன்று 500 பேருக்குச் சிகிச்சை அளிக்கலாம் என்க. விலை மாறாதிருக்க, பணம் 5% வளர்ந்தால் அடுத்த ஆண்டு 525 பேருக்கு அளிக்கலாம். பயனுக்குத் தள்ளுபடி இல்லையெனில் காத்திருப்பதே சிறந்தது; அடுத்த ஆண்டும் இதே வாதம் செல்லும். கணக்கின்படி சிகிச்சை ஒருபோதும் தொடங்காது. பயனையும் 5 விழுக்காட்டில் தள்ளுபடி செய்தால் 525 மீண்டும் 500 ஆகிறது. ஒத்திப்போடுவதால் ஆதாயம் இல்லை. இரக்கத்தால் வைக்கப்பட்ட சுழிய வீதம் இன்று பார்வையற்று இருப்பவருக்கே எதிராகத் திரும்புகிறது.

பிரித்தானிய அரசின் 'கிரீன் புக்' எனும் மதிப்பீட்டுக் கையேடு 2003இல் பொதுத் திட்டங்களுக்கான வீதத்தை 6 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காடாகக் குறைத்தது. இதில் 1.5% காலம் தாழ்வதற்கானது. எஞ்சிய 2% வருங்காலத்தினர் செல்வம் மிக்கவராக இருப்பர் என்பதற்கானது. வருமானம் உயர்வதால் நலவாழ்வின் அருமை குறைவதில்லை என்பதால், 2018ஆம் ஆண்டுப் பதிப்பு நலவாழ்வுப் பயன்களுக்கு 1.5 விழுக்காட்டை மட்டும் கொண்டது.

இவ்வெண்ணை நம் ஆய்வேடுகளில் அப்படியே எடுத்தாள்வது தகாது. தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 5% வளரும் நாட்டில் அதே வாய்பாடு 6.5 விழுக்காட்டைத் தரும். ஆனால் அவ்வளர்ச்சி யாருடையது? விடுதியில் தங்கிப் படிப்போரின் குடும்ப வருமானம் நாட்டுச் சராசரியோடு சேர்ந்து உயரவில்லையெனில், 2க்குப் பதில் 5ஐ இடுவது அவர்கள் அடையாத செல்வத்தை அடைந்ததாகக் கணக்கிடுவதாகும். பயனாளிகளின் வருமான வளர்ச்சியைத் தனியே மதிப்பிட்டு அவ்விடத்தில் இடுவதே பொருத்தம். வளர்ச்சி 1% மட்டுமே எனத் தெரிந்தால் வீதம் 2.5% ஆகும்.