சம்பளச் சீட்டில் எதெல்லாம் சம்பளம்?

மேற்கு வங்கத்தில் உள்ள விவேகானந்தா வித்யாமந்திர், அரசு உதவி பெறாத பள்ளி. அதன் ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் அடிப்படைச் சம்பளத்தோடு 'சிறப்புப் படி' என்றொரு தொகையும் சேர்ந்து வந்தது. அது ஊக்கத்தொகை என்பது நிர்வாகத்தின் வாதம். பி.எஃப். அதிகாரியோ அதுவும் அடிப்படைச் சம்பளம்தான், அதற்கும் சேர்த்துப் பி.எஃப். கட்ட வேண்டும் என்றார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2005-ல் ஊழியர்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு 2007-ல் திரும்பப் பெறப்பட்டது. விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்படாத படி அடிப்படைச் சம்பளம் ஆகாது என்று பிறகு வேறொரு அமர்வு சொன்னது. கடைசியில் 2019 பிப்ரவரி 28 அன்று, இதே போன்ற வேறு சில நிறுவனங்களின் வழக்குகளையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம் பி.எஃப். அதிகாரியின் பக்கம் நின்றது.

தீர்ப்பில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் நவீன் சின்ஹாவும் கையாண்ட உரைகல் எளிமையானது. ஒரு தொகை எல்லோருக்கும் பொதுவாக, வழக்கமாகக் கிடைக்கிறதா? அப்படியானால் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது அடிப்படைச் சம்பளமே. வழக்கமான வேலைக்கு மேல் கூடுதலாகச் செய்தவருக்கு, அந்தக் கூடுதலுக்காகவே கிடைக்கிறதா? அப்போது அது ஊக்கத்தொகை. ஆனால் வழக்கமான வேலை எவ்வளவு, அதைத் தாண்டியவர் யார் என்று நிர்வாகம் கணக்குக் காட்ட வேண்டும். அந்த நிறுவனங்களால் காட்ட முடியவில்லை.

ஆக, சம்பளச் சீட்டின் ஒவ்வொரு வரியையும் பார்த்து, இது எதற்காகத் தரப்படுகிறது என்று கேட்டாக வேண்டும். பதவிக்காகத் தருவது ஒன்று. வேலையின் அளவுக்காகத் தருவது இன்னொன்று. ஊழியராக இருப்பதாலேயே கிடைக்கும் காப்பீடு, கேன்டீன், பேருந்து போன்ற சலுகைகள் மூன்றாவது. இந்த மூன்றையும் கூட்டி 'சி.டி.சி.' என்று ஒரே எண்ணாக நீட்டும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே பி.எஃப். கணக்கு உள்ள ஒருவருக்கு ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் என்றிருக்கிறது. அதாவது மாதம் 40,000. அடிப்படைச் சம்பளம் 12,000, வீட்டு வாடகைப் படி 6,000, எல்லோருக்கும் தரும் சிறப்புப் படி 9,000, போக்குவரத்துப் படி 3,000. இலக்கை முழுதாக எட்டினால் ஊக்கத்தொகை 5,000. நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,440, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு 577. மீதமுள்ள 2,983 காப்பீட்டுக்கும் கேன்டீனுக்கும் பேருந்துக்கும்.

இதில் கைக்கு உறுதியாக வருவது எவ்வளவு? முதல் நான்கும் சேர்ந்து 30,000. ஊழியரின் பி.எஃப். பங்கு 1,440 போனால் 28,560. தொழில் வரி போன்ற சில்லறைப் பிடித்தங்கள் தனி. 40,000 என்று நம்பி வீட்டுக் கடனுக்குத் தவணை குறித்தவர் முதல் மாதமே திணறுவார். இலக்கை எட்டாத மாதத்தில் 5,000 வராது. நிறுவனப் பேருந்தில் ஏறாதவருக்கும் அதன் செலவு சி.டி.சி.யில் ஏறியிருக்கும்.

அடுத்து, அடிப்படைச் சம்பளம் ஏன் 12,000-லேயே நிற்கிறது? 2019 தீர்ப்பின்படி சிறப்புப் படியையும் சேர்த்தால் அது 21,000. பி.எஃப். கட்டாயப் பிடித்தத்துக்கு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்போடு நிறுத்தினாலும் 12 சதவீதம் என்பது 1,800. நிறுவனம் 360 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஊழியருக்கும் அதே அளவு கூடுதலாகப் பிடிப்பார்கள். கைக்கு வருவது அந்த அளவு குறையும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளமே 15,000-ஐத் தாண்டி, அந்த வரம்பு வரை பி.எஃப். கட்டுகிறவருக்கு இந்தத் தீர்ப்பால் பெரிய மாற்றம் இல்லை.

பெரிய இழப்பு பணிக்கொடையில். 1972-ன் பணிக்கொடைச் சட்டம் அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் மட்டுமே கணக்கில் எடுத்தது; மற்ற படிகளை விட்டுவிட்டது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். 12,000 ரூபாய்க்கு ஏழு ஆண்டு என்றால் 48,462 ரூபாய். 21,000-க்கு 84,808. 'படி' என்ற ஒரு பெயரால் 36,346 ரூபாய் வித்தியாசம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கின்றன. சம்பளத்தில் எதெல்லாம் சேராது என்று அவை ஒரு பட்டியல் தருகின்றன. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, மிகைநேரப் படி, கமிஷன் ஆகியவை அதில் உண்டு. 'சிறப்புப் படி' என்ற பெயர் இல்லை. பட்டியலில் உள்ளவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளமாகவே கருதப்படும். ஆகவே சிறப்புப் படியை எடுத்துவிட்டு வாடகைப் படியை ஊதிப் பெருக்கும் தந்திரத்துக்கும் ஓர் எல்லை வந்துவிட்டது.

பதவி உயர்விலும் இதே விளையாட்டு நடக்கும். பணி மதிப்பீடு என்பது ஆளை அல்ல, பதவியை எடைபோடுவது. அந்த வேலைக்கு எவ்வளவு திறன் வேண்டும், எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு உழைப்பு, எந்தச் சூழல் என்று புள்ளி போட்டு, கூட்டுத்தொகைக்கு ஏற்ற கிரேடில் வைப்பார்கள். கிரேடு உயர்ந்தால் உயர வேண்டியது அடிப்படைச் சம்பளம். அது அசையாமல் ஊக்கத்தொகை மட்டும் கூடினால், வேலை கனத்திருக்கிறது, உறுதியான சம்பளம் கனக்கவில்லை என்று அர்த்தம். ஒரே தன்மையுள்ள வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊதியத்தில் பாகுபாடு கூடாது என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. ஒரே தன்மை என்பதற்கு அது எடுத்துக்கொள்ளும் அளவுகோலும் திறன், முயற்சி, அனுபவம், பொறுப்பு ஆகியவையே. பெண் ஊழியரின் கிரேடு ஆணுக்குச் சமமாக இருந்தும் ஊதியம் குறைந்தால், தன் வாதத்தை அவர் அந்தப் புள்ளிகளிலிருந்தே தொடங்கலாம்.

உண்மையான ஊக்கத்தொகைக்குச் சட்டம் எதிரியல்ல. ஹவுராவின் பிரிட்ஜ் அண்ட் ரூஃப் நிறுவனம் தந்த உற்பத்தி போனஸ் அடிப்படைச் சம்பளத்தில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. ஊக்கத்தொகைத் திட்டத்தில் பார்க்க வேண்டியது அதன் ஷரத்துகளை: இலக்கு எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா, நடுவில் நிர்வாகம் அதை மாற்றலாமா, பணம் தரும் நாளில் வேலையில் இருந்தால்தான் கிடைக்குமா. கடைசி ஷரத்து, ராஜினாமா செய்தவரின் ஓராண்டு ஊக்கத்தொகையையே விழுங்கிவிடும்.

சந்தேகம் வந்தால் முதலில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறக்க வேண்டும். எந்தச் சம்பளத்தின் மேல் பணம் கட்டப்பட்டது என்று அதில் மாதவாரியாக இருக்கும். சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டால் விடுபட்ட படி தெரிந்துவிடும். மனிதவளத் துறைக்கு எழுத்து மூலம் கேட்டுப் பதில் வராவிட்டால், யு.ஏ.என். எண்ணுடன் EPFiGMS தளத்தில் புகார் பதியலாம். நிலுவையை விசாரித்து நிர்ணயிக்கும் அதிகாரம் பி.எஃப். அதிகாரிக்கு உண்டு. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த விசாரணையைத் தொடங்க ஐந்தாண்டு வரம்பு வைத்திருப்பதால் தள்ளிப்போடுவது ஆபத்து. பணிக்கொடையை 30 நாளுக்குள் தர வேண்டும்; தராவிட்டாலோ, குறைத்துத் தந்தாலோ தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். பி.எஃப். பங்கு கூடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஊழியரின் சம்பளத்தை நேராகவோ சுற்றிவளைத்தோ குறைக்கவும் சட்டத்தில் இடமில்லை. 'சம்பள மறுகட்டமைப்பு' என்ற தலைப்பில் கையெழுத்துக்கு ஒரு தாள் வந்தால், பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்து, எந்த வரி குறைந்து எந்த வரி கூடியிருக்கிறது என்று பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.