செருப்பு இருந்த இடத்தில் ஷூ

முழு உருவப் படத்தில் செருப்பை எடுத்துவிட்டு ஷூ வைக்கும்போது, ஷூவை வெட்டி ஒட்டுவது எளிது. ஆள் தரையில் நிற்பதாகக் காட்டுவதுதான் கடினம். அது சரியாக அமையாவிட்டால் கால் அந்தரத்தில் தொங்குவது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

சிவப்பு சிமென்ட் தரையில் பேன்ட்டும் ரப்பர் செருப்புமாக நிற்கும் ஒருவருக்குக் கறுப்புத் தோல் ஷூ போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடை விளம்பரத்தில் வரும் ஷூ படம் இதற்கு உதவாது. அது பெரும்பாலும் பக்கவாட்டில் எடுத்ததாக இருக்கும். ஆள் படமோ நெஞ்சு உயரத்திலிருந்து எடுத்தது. அதில் ஷூவின் மேற்பகுதி தெரிய வேண்டும். ஆகவே யாராவது ஒருவர் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்க, அதே உயரத்திலிருந்தும் தூரத்திலிருந்தும், வெளிச்சம் அதே பக்கம் விழும்படி படமெடுப்பதே நல்லது. காலியான ஷூவில் கால் நுழைந்த விறைப்பு இருக்காது.

அளவைக் கணக்கிட ஆளின் உயரமே போதும். 170 செ.மீ. உயரமுள்ளவர் படத்தில் 1700 பிக்சல் இருந்தால், ஒரு செ.மீ.க்குப் பத்து பிக்சல். கால் கேமராவை நோக்கியிருந்தால் நீளம் குறுகித் தெரியும். அப்போது அகலத்தை வைத்தே பார்க்க வேண்டும். பத்து செ.மீ. அகல ஷூ ஏறத்தாழ நூறு பிக்சல் வரும்.

பழைய செருப்பை அழிப்பதற்கு முன், அது தரையைத் தொடும் கோட்டைத் தனி லேயரில் வரைந்துவைக்க வேண்டும். புது ஷூவின் அடிப்பகுதி அந்தக் கோட்டில்தான் உட்கார வேண்டும்.

நிழல் இரண்டு வகை. வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நீண்டு விழுவது ஒன்று. அடிப்பகுதி தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கோடாகப் படியும் கருமை மற்றொன்று. பலரும் தவறவிடுவது இதைத்தான். இது தொடும் இடத்தில் மிக அடர்த்தியாகவும் கூர்மையாகவும் தொடங்கி, விலக விலக மங்கி மறையும். ஷூவின் நுனி சற்றே மேலெழும்பியிருப்பதால், அங்கே இந்தக் கோடு விரிந்து மென்மையாக வேண்டும். இரண்டையும் தனித்தனி லேயரில், Multiply முறையில் வரைவது வழக்கம். நிறம் தூய கறுப்பாக இருக்கக் கூடாது. படத்தில் ஏற்கெனவே உள்ள நிழலிலிருந்து எடுத்தால் தரையின் சிவப்பு அதில் கலந்திருக்கும். அந்தச் சிவப்பு ஷூவின் ஓரத்திலும் லேசாகப் பிரதிபலிக்க வேண்டும்.

அடுத்தது கணுக்கால். செருப்பைவிட ஷூவின் குதிகால் ஓரிரு செ.மீ. உயரம். பேன்ட் நுனி ஷூவின் மேல் மடிந்து விழுந்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். மடிப்புக்குக் கீழே ஒரு சிறு நிழல் மட்டும் போதும். கணுக்கால் வெளியே தெரிந்தால், ஷூ வாய்க்குள் கால் இறங்கும் இடத்தில் தோல் இருண்டு காட்ட வேண்டும். காலை ஷூவுக்கு ஏற்ப இழுத்து மெலிய வைத்தால் எலும்பின் புடைப்பு இடம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹை ஹீல்ஸ் விஷயம் வேறு. குதிகால் ஏழு செ.மீ. உயரும்போது கணுக்காலின் கோணம், ஆடுசதையின் திரட்சி, ஆளின் உயரம் எல்லாமே மாறுகின்றன. பாதம் வெளியே தெரியும் படத்தில் தட்டைச் செருப்பை ஹை ஹீல்ஸ் ஆக்குவதைவிட, மறுபடி படமெடுப்பதே மேல்.