விடை சரியா? சுழியத்தைப் போட்டுப் பாருங்கள்

7 − 2x ≤ 13 என்ற அசமன்பாட்டில் இருபுறமும் 7-ஐக் கழித்தால் −2x ≤ 6. இனி −2 ஆல் வகுக்க வேண்டும். 2 < 5 என்பதைக் −1 ஆல் பெருக்கினால் −2 > −5 ஆகிவிடுகிறதே, அதுபோல இங்கும் குறி திரும்பும்: x ≥ −3.

பலர் −3-ஐ மட்டும் போட்டுப் பார்த்து, 13 வந்ததும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். குறியைத் திருப்ப மறந்து x ≤ −3 என்று எழுதியிருந்தாலும் அதே 13தான் வரும்! எல்லை எண் தவறைக் காட்டிக்கொடுக்காது. எண்கோட்டில் −3-இல் புள்ளியை நிரப்பலாம் என்பதை மட்டுமே சொல்லும். வெறும் < என்றிருந்தால் அங்கே வெற்று வட்டம்.

திசையை அறிய சுழியத்தைப் போடுங்கள்: 7 ≤ 13, உண்மை. ஆகவே நிழலிட்ட பகுதிக்குள் சுழியம் இருந்தாக வேண்டும். கோடு இடப்பக்கம் ஓடியிருந்தால், குறி திரும்பவில்லை. −4-ஐயும் போட்டால் 15 ≤ 13, பொய். அது வெளியேதான் நிற்கும்.