சுட்டெரிக்கும் வெயிலில் சோலார் கரண்ட் குறைவது ஏன்?

வெயில் கொளுத்தினா சோலார் பேனலில் கரண்ட் கொட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பேனலுக்குத் தேவை வெளிச்சம்தான், சூடு இல்லை.

பேனலுக்குள் இருப்பவை சிலிக்கான் செல்கள். வெளிச்சம் பட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு கிளம்பும். செல்லின் இரண்டு அடுக்குகள் சேரும் இடத்தில் உள்ள மின்புலம் அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளும். அந்த ஓட்டம்தான் கரண்ட்.

சூரிய ஒளி முழுவதும் இதற்கு உதவாது. அகச்சிவப்பில் ஒரு பகுதிக்கு எலக்ட்ரானைக் கிளப்பும் சக்தி கிடையாது. நீல ஒளிக்கோ தேவைக்கு மேல் சக்தி. மிச்சம் சூடாகப் போய்விடும். அதனால்தான் இப்போது வீடுகளில் மாட்டும் பேனல்கள் பெரும்பாலும் 20 முதல் 22 சதவீத ஒளியைத்தான் மின்சாரமாக்குகின்றன.

செல் சூடேறினால் வோல்டேஜும் இறங்கும். பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் 400 வாட் என்று இருந்தால், அது செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவு. சென்னையின் மே மாத மதியத்தில் மொட்டை மாடியில் அதே செல் 65 டிகிரியைத் தொடலாம். ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம் இழப்பு என்று வைத்தால், கூடுதலான 40 டிகிரிக்கு 14 சதவீதம் போச்சு. கிடைப்பது 344 வாட்தான்.

பேனலைத் தளத்தோடு ஒட்டிப் பொருத்தாமல், அடியில் காற்று புக இடைவெளி விட்டால் இந்த இழப்பு கொஞ்சம் குறையும்.